பாட்டியிடம் விதை கேட்கப் போனவர்கள் எழுதுங்கள்

அல்சூர், சோமேஸ்வரர் கோவில் பின்தெரு

அடுத்த வாரம் பாட்டியிடம் ராகி விதை கடன் கேட்கப் போகிறேன். மர்பி டவுன் கல்வீட்டின் நிலவறையில் அவர் ஜாடிகளில் வைத்திருப்பதுதான் இந்தப் பக்கத்தில் மிஞ்சிய விதை. சிலருக்குக் கொடுக்கிறார், சிலரைத் திண்ணையிலேயே திருப்பி அனுப்புகிறார். எதை வைத்து முடிவெடுக்கிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை. போய் வந்தவர்கள் நடந்ததை நடந்தபடி சொன்னால் உதவியாக இருக்கும்.

லிங்கராஜபுரம்

எங்களுக்குப் போன வருஷம் வைகாசியில் கொடுத்தார். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

எத்தனை பேர் வீட்டில், சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்றெல்லாம் கேட்பார் என்று நினைத்துப் போனோம். அவர் கேட்டது ஒன்றுதான்: "இதுக்கு முன்னாடி எதைப் போட்டுத் தோத்தீங்க?" ஏரிக்கரை ஓரமாக ஏதோ தானியம் போட்டு, தண்ணீர் நின்று வேர் அழுகிப் போன கதையைச் சொன்னேன். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது, எத்தனை நாள் நின்றது, இப்போது அதற்கு என்ன செய்திருக்கிறீர்கள் என்று தோண்டித் தோண்டிக் கேட்டார். எங்களுக்கு முன்னால் வந்தவர் "எனக்கு எதுவும் தோத்ததில்லைம்மா" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு போனார்.

அன்றைக்கே தரவில்லை. ஜாடியை மேலே கொண்டுவந்து ஒரு ராத்திரி அப்படியே மூடி வைத்தார். கீழே சில்லென்று இருந்த ஜாடியை உடனே திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் விதை மேல் வியர்த்துவிடுமாம். மறுநாள் திறந்து, 50 விதையை எண்ணி ஈரத் துணியில் பரப்பிச் சுருட்டி வைத்தார். ஒரு வாரம் கழித்துப் பிரித்தபோது 31 முளைத்திருந்தது. ஜாடிச் சீட்டில் பழைய கணக்கு இருந்தது: 50-க்கு 47.

அந்தச் சீட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. பாட்டி பூட்டி வைத்தாலும் விதை தீர்ந்துகொண்டுதான் இருக்கிறது, மெதுவாக. இரண்டு மழைக்காலம் அந்த அறையில் ஈரம் ஏறியிருக்கிறது. யாரிடமாவது கொடுத்துப் புதுசாக விளைவித்து வாங்காவிட்டால் இன்னும் சில வருஷத்தில் ஜாடியில் இருப்பது விதையாக இருக்காது, வெறும் தானியம். நாம் அவரிடம் கடன் கேட்கிறோம் என்று நினைக்கிறோம். அவருக்கோ நிலம் இல்லை, நம் நிலத்தைத்தான் அவர் தேடுகிறார்.

ஜாடியில் இருந்தது 90 கிராம். கொடுத்தது 10 கிராம், உள்ளங்கைக் குழியில் அடங்கிவிடும். ராகி ஆயிரம் விதை இரண்டரை, மூன்று கிராம்தான் வரும் என்பதால் பத்து கிராமில் சுமார் 3,500 விதை இருக்கும். துணிக் கணக்குப்படி இரண்டாயிரத்துச் சொச்சம் முளைக்கும். நாற்றங்காலில் போவது போக 1,500 நாற்று மிஞ்சும் என்று வைத்து, ஒன்றரை அடிக்கு ஒரு குழி எடுத்து, குழிக்கு ஒரு கை தொழுஉரம் போட்டு, ஒரே ஒரு நாற்று நடச் சொன்னார். அதற்கு எட்டு சென்ட் இடம் போதும். அப்படித் தள்ளி நட்டால்தான் ஒவ்வொரு செடியும் கிளை வெடித்துக் கதிர் நிறைய வைக்கும்.

கிளி பாதியைத் தின்றது. 700 செடிதான் தேறியது. அப்படியும் நாற்பது கிலோ கண்டோம். திருப்பித் தர வேண்டியது 30 கிராம் மட்டும். நல்லதாகக் கொடுப்போமே என்று, கொழுத்த இருபது செடியின் கதிரை மட்டும் கசக்கி எடுத்துக்கொண்டு பெருமையாகப் போனேன். பாட்டி கையில் வாங்கக்கூட இல்லை.

"இது இருபது செடியோட பிள்ளைங்க. மிச்சம் அறுநூத்தி எண்பது எங்கே?"

நல்லவேளை, மற்றக் கதிரை அப்போது அடித்திருக்கவில்லை. திரும்பி வந்து, செடிக்கு ஒரு விரல் என்று கதிரில் ஒடித்துச் சேர்த்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கசக்கிக் கலந்து, அதிலிருந்து 30 கிராம் கொண்டுபோனேன். அதற்கும் உப்புச் சோதனை வைத்தார். வறுத்து ஆறிய உப்போடு விதையைக் கண்ணாடி பாட்டிலில் போட்டுக் குலுக்கி வைத்தார். உப்பு கண்ணாடியில் ஒட்டவில்லை, வாங்கிக்கொண்டார்.

காக்ஸ் டவுன்

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. காலங்காலமாக நல்ல கதிரைத்தானே விதைக்கு எடுத்து வைத்தோம்? சோப்ளாங்கிச் செடியின் விதையை எதற்குப் பத்திரப்படுத்த வேண்டும்? அப்புறம், உப்பு ஒட்டவில்லை என்றால் விதை நன்றாகக் காய்ந்துவிட்டது என்று அர்த்தம், நேராக ஜாடியில் போட்டு மூடிவிடலாம். அதற்குப் பிறகும் பாட்டி ஒரு வாரம் என்னவோ செய்துகொண்டிருப்பது வீண் வேலை.

ஹெப்பாள்

நான் பண்ணையில் ராகி வயலில் கூலிக்கு இருந்தவன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

காக்ஸ் டவுன்காரர் சொல்வது அவர் வயலுக்குச் சரி. அடுத்த வருஷம் சாப்பிடுவதற்கு விதைப்பவர் கொழுத்த கதிரை எடுக்கலாம். பாட்டியின் ஜாடி அதற்கல்ல. ராகி தன் பூவிலேயே மகரந்தம் சேர்ந்து காய்க்கும், பக்கத்துச் செடியோடு கலப்பது ரொம்ப அபூர்வம். அதனால் மெலிந்த செடியின் குணம் மெலிந்த செடியின் விதையில்தான் இருக்கும், வேறு எங்கும் போய்ப் பதுங்கியிருக்காது. போன வருஷம் மழை நன்றாக இருந்தது, அதற்கு ஏற்ற செடி கொழுத்தது. மழை பொய்க்கிற வருஷம் எது நிற்கும் என்று இப்போது யாருக்குத் தெரியும்? எது என்று தெரியாததால்தான் எல்லாவற்றையும் கேட்கிறார்.

ராகியைக் கலப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு மண்டியாவில் லட்சுமணய்யா இருந்தார், ராகி லட்சுமணய்யா என்றே பெயர். அந்தக் கடுகளவு பூவை வைத்துக்கொண்டு நம் ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் சேர்த்தார். இந்தியா, ஆப்பிரிக்கா என்ற இரண்டு பெயரையும் ஒட்டித்தான் இண்டாஃப் என்று வைத்தார்கள். மனுஷன் மெனக்கெட்டால்தான் அது நடக்கும்.

உப்பு விஷயம்: ஒட்டினால் ஈரம் அதிகம், கட்டாயம் கெடும். ஒட்டாவிட்டால் படுமோசம் இல்லை, அவ்வளவுதான். ஜாடியில் வருஷக்கணக்கில் கிடக்க அது போதாது. பாட்டி செய்வது வீண் வேலை இல்லை. அரிசியைச் சூடேற வறுத்து, மூடி ஆறவைத்து, விதையைத் துணிப்பையில் கட்டி அதோடு ஒரே ஜாடியில் அடைத்து வைக்கிறார். காய்ந்த அரிசி விதையின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும் என்று பண்ணையில் சொல்வார்கள். கரண்ட் இல்லாத ஊரில் குளிரை நம்ப முடியாது, காயவைப்பதைத்தான் நம்ப வேண்டும்.

சிவாஜிநகர்

எனக்குச் சுரைக்காய் விதை கொடுக்கவில்லை. நிலம் உண்டு, கிணறு உண்டு, தோற்ற கதையும் இரண்டு சொன்னேன். பாட்டி என்னோடு மாடிக்கு வந்து சுற்றிப் பார்த்தார். மூன்றாவது வீட்டுக் கூரையில் யாரும் போடாமல் தானாகப் படர்ந்த சுரைக்கொடி ஒன்று. காயைக் கீறி நாக்கு நுனியில் வைத்துத் துப்பினார். கசப்பு. "அது இருக்கிற வரைக்கும் உனக்குக் கிடையாது தம்பி" என்று இறங்கிப் போய்விட்டார்.

காக்ஸ் டவுன்

சரியாகத்தான் செய்திருக்கிறார். பக்கத்தில் கசப்புக் கொடி இருந்தால் உங்கள் காயும் கசந்துவிடும்.

ஹெப்பாள்

அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். இந்த வருஷக் காய் கசக்காது. காயின் சதை தாய்க்கொடியுடையது, யாருடைய மகரந்தம் வந்தாலும் ருசி மாறாது. உள்ளே இருக்கும் விதைதான் கலந்திருக்கும். நீங்கள் இனிப்பாகச் சாப்பிட்டு, இனிப்பு விதை என்று நம்பிப் பாட்டியிடம் திருப்பிக் கொடுப்பீர்கள். அதை வாங்கி விதைக்கிறவன் வீட்டில்தான் கசக்கும். கசப்புச் சுரை வெறும் கசப்பு இல்லை, ரத்த வாந்தி எடுக்கிற விஷம்.

அந்தக் கொடியை வெட்ட வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரு வழி இருக்கிறது. சுரைப் பூ சாயங்காலம் விரியும். விரிவதற்கு முன் மதியமே பெண் மொட்டையும் ஆண் மொட்டையும் நூலால் கட்டிவிட வேண்டும். பொழுது சாயும்போது ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவி, மறுபடி கட்டி, அந்தக் காம்பில் ஒரு துணி அடையாளம். அந்தக் காயை மட்டும் விதைக்கு விட வேண்டும். நான்கைந்து கொடியிலாவது இப்படிச் செய்து காட்டுவதாகப் பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள். கொடுப்பாரா என்பது வேறு.

ஸ்ரீராமபுரம்

நானும் போனேன். பலாக்கொட்டை கேட்டேன், இல்லை என்றார். ஒரு காலத்தில் இந்த ஊரில் வீட்டுக்கு வீடு பலாமரம், அதைக் கூடவா சேர்த்து வைக்கவில்லை? காயவைத்தால் பலாக்கொட்டை செத்துவிடும், ஜாடியில் இருக்காது, மரம் இருக்கிற இடம்தான் அதற்குப் பெட்டகம் என்றார். மரம் எங்கே இருக்கிறது என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். ராகி எனக்கு வேண்டாம்.

பெயர் எழுத விருப்பமில்லை

எல்லோரும் பாட்டியின் கெட்டிக்காரத்தனத்தையே பேசுகிறீர்கள். எட்டு சென்ட் வேண்டும், கிணறு வேண்டும், உரம் வேண்டும். இருக்கிறவனுக்குத்தான் விதை. முதல் வருஷப் பஞ்சத்தில் என் பெண்ணுக்கு ஒரு வேளைக் கூழுக்கு ராகி கேட்டேன். அந்த ஜாடி எங்கள் பசிக்கு முன்னால் ஒன்றுமில்லை, ஒரு கிண்ணம் கூழ்தான். தன் சோற்றுப் பானையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார், ஜாடியைத் தொடவில்லை. என் பெண் சாப்பிட்டாள். அவர் அன்று சாப்பிட்டாரா தெரியாது. இருந்தாலும் அந்த ஜாடியைப் பார்த்தபடி நான் உட்கார்ந்திருந்தது இன்னும் ஆறவில்லை.

லிங்கராஜபுரம்

நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். எங்களுக்கும் சொந்த நிலம் இல்லை, நான்கு குடும்பம் சேர்ந்து ஆளில்லாத மனையைக் கொத்தித்தான் எட்டு சென்ட் காட்டினோம். ஆனால் அப்படிச் சேர ஆள் இல்லாதவர் என்ன செய்வார் என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

அல்சூர், சோமேஸ்வரர் கோவில் பின்தெரு

போய் வந்தேன். நார்வேயில் பனிமலைக்குள் பெட்டகம் இருக்கிறதே, அங்கே போனவர்கள் யாராவது உண்டா என்று பேச்சுக்குக் கேட்டேன். அங்கே விதை வைத்தவர்தான் திரும்ப எடுக்க முடியும் என்றார். சிரியா சண்டையில் அலெப்போ விதை வங்கிக்காரர்கள் 2015-ல் தங்கள் பெட்டிகளை எடுத்து, லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்து, 2017-ல் மறுபடி கொண்டுபோய் வைத்தார்களாம். "வாங்கினா வைக்கணும், அவ்வளவுதான் கதை" என்றார்.

அப்புறம் என் தோற்ற கதையையும் கேட்டார், குழி எடுத்த இடத்தையும் கேட்டார். எல்லாம் சரி என்று தலையாட்டினார். ஜாடியைத் தருவார் என்று நினைத்தேன்.

"லிங்கராஜபுரத்துல நாப்பது கிலோ இருக்கே, அதே ராகி. என் ஜாடியை எதுக்குத் திறக்கணும்?"

லிங்கராஜபுரம்

பதினைந்து கிலோதான் மிச்சம், மற்றது சாப்பிட்டாயிற்று. வாருங்கள், கால் கிலோ தருகிறோம். ஈரத் துணியில் நாங்கள் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை, நீங்கள் வந்ததும் சேர்ந்தே எண்ணிவிடலாம். பை கொண்டுவாருங்கள், எங்களிடம் இல்லை.