குழாய் எல்லாம் மூடியிருக்கு, ஆனாலும் ராத்திரியில் மேல்தொட்டி இறங்குது: உங்க வீட்டிலும் நடந்திருக்கா?

பாம்பன் அக்கா

எங்கள் வீடு கடலுக்குப் பக்கம். போர் தண்ணீர் கரிப்பு, அதனால் பாத்ரூமுக்கும் சேர்த்து விலைக்கு வாங்கிய தண்ணீரைத்தான் சம்ப்பில் இறக்கி மேலே ஏற்றுகிறோம். 500 லிட்டர் தொட்டி. ராத்திரி நிரப்பிவிட்டுப் படுத்தால் காலையில் நாலு விரல் அளவுக்கு இறங்கியிருக்கிறது. குழாய் எதுவும் சொட்டவில்லை, சுவரில் ஈரமும் இல்லை. பார்க்க வந்தவர் தரைக்கு அடியில் பைப் உடைந்திருக்கும், டைல்ஸைப் பெயர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு முன்னால் ஒரு தடவை வீடு அடங்கிய பிறகு ஒவ்வொரு பாத்ரூமாக நின்று கேட்டுப் பார்த்தேன். மாடியில் வெஸ்டர்ன் டாய்லெட்டின் ஃப்ளஷ் டேங்கில் மெல்லிய இரைச்சல். டார்ச் அடித்துப் பார்த்தால், பீங்கானின் உள்சுவர் முழுக்கக் காய்ந்திருக்கிறது, பின்பக்கம் மட்டும் நூல் மாதிரி ஒரு ஈரக் கோடு பளபளத்தபடி கீழே இறங்குகிறது. அவ்வளவு மெலிசான ஒழுக்கா ஒரு தொட்டியையே இறக்குகிறது என்று இன்னும் நம்ப முடியவில்லை.

தேவிபட்டினத்தில் அம்மா வீட்டில் சங்கிலி இழுக்கும் பழைய இரும்புத் தொட்டி இருக்கிறது. எனக்கு விவரம் தெரிந்த நாளில் இருந்து இப்படி ஒழுகியதே இல்லை. புதுசு மட்டும் ஏன் ஒழுகுகிறது? இதே மாதிரி அனுபவம் யாருக்காவது இருந்தால் எழுதுங்கள்.

சாயல்குடி தம்பி

அக்கா, இது பால் வால்வு கோளாறு. எங்க வீட்டிலும் இதே கதைதான். மிதவை சரியாக அடைக்காமல் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும், நடுவில் நிற்கிற ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகப் பீங்கானுக்குள் போய்விடும். மிதவைக் கம்பியைக் கொஞ்சம் கீழே வளைத்து விடுங்கள், நின்றுவிடும். எனக்கு நின்றது. தரையை உடைக்க விடாதீங்க.

கீழக்கரை காக்கா

தம்பி சொன்னது அவர் வீட்டுக்குச் சரி. தங்கச்சி வீட்டுக்கும் அதுதானா என்பதை மூடியைத் திறந்து பார்த்தால்தான் சொல்ல முடியும். துபாயில் ஓட்டல் பராமரிப்பில் இந்த வேலையைத்தான் பார்த்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அம்மா வீட்டுத் தொட்டி. அதன் நடுவில் ஒரு குழாய் நிற்கும். குழாயின் வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கும். அதன் மேல் ஒரு இரும்பு மணி கவிழ்ந்திருக்கும். சங்கிலியை இழுத்தால் மணி எழும்பும், விட்டால் தன் எடையில் தொப்பென்று விழும். விழுகிற வேகத்தில் உள்ளே இருக்கிற தண்ணீர் அந்தக் குழாயின் வாயைத் தாண்டி உள்ளே கொட்டும். ஒரு தடவை அப்படிக் கொட்டிவிட்டால் போதும். கீழே இறங்கும் தண்ணீரே மிச்சத்தை இழுத்துக்கொள்ளும். நம்ம ஊரில் போட்காரர்கள் பேரலில் இருந்து ஹோஸ் வைத்து டீசல் எடுக்கிறார்களே, அதே சைபன்தான். தண்ணீர் மணியின் அடிவிளிம்புக்குக் கீழே இறங்கியதும் காற்று உள்ளே புகும், களக்கென்று ஒரு சத்தம் வரும், இழுப்பு அறுந்துவிடும். மட்டம் இறங்கியபோது மிதவையும் கூடவே இறங்கியிருக்கும், அதனால் பால் வால்வு திறந்து தொட்டி நிரம்பத் தொடங்கும். மிதவை மேலே வந்ததும் அடைத்துக்கொள்ளும்.

இதில் கவனிக்க வேண்டியது, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே திறந்து மூடுகிற கதவு என்று ஒன்றுமே இல்லை. வெளியே போக வேண்டுமானால் தண்ணீர் மேலே ஏறி ஒரு வாயைத் தாண்டியாக வேண்டும். யாரும் சங்கிலியை இழுக்காமல் அது தானாக ஏறாது. பால் வால்வு கெட்டு மட்டம் ஏறினாலும் ஓவர்ஃப்ளோ குழாய் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், தெருவில் சொட்டும், போகிறவர்கள் சொல்வார்கள். பிரிட்டனில் 2001 வரைக்கும் வீட்டு டாய்லெட்டுக்குச் சைபன் தொட்டி மட்டும்தான் அனுமதி. தண்ணீர் வீணாகக் கூடாது என்பதுதான் காரணம்.

தங்கச்சி வீட்டு டேங்க் வேறு ரகம். அதன் அடியில் ஒரு ஓட்டை, ஓட்டை மேல் ரப்பர் மூடி, அதற்கு ஃப்ளாப்பர் என்று பெயர். பிடியை அழுத்தினால் சின்னச் சங்கிலி அந்த மூடியைத் தூக்கும். மூடிக்குள் காற்று இருப்பதால் தண்ணீர் இறங்கும் வரை அது மிதந்துகொண்டே நிற்கும், டேங்க் காலியாகும்போது கீழே வந்து உட்காரும். மறுபடி நிரம்பும் தண்ணீரின் எடைதான் அதை அழுத்திப் பிடிக்கிறது. அதாவது முழுத் தொட்டித் தண்ணீரும் 24 மணி நேரமும் ஒரு ரப்பர் விளிம்பை நம்பி நிற்கிறது. விளிம்பில் ஒரு மணல் துகள், கொஞ்சம் உப்புப் படிவு, ஒரு சின்ன மடிப்பு, எது இருந்தாலும் ஒழுகும். ஒழுகினது நேராகப் பீங்கானுக்குள் போய்விடுவதால் கண்ணில் படாது. மட்டம் குறையக் குறையப் பால் வால்வு திறந்து நிரப்பிக்கொண்டே இருக்கும், அதனால் டேங்க் எப்போது பார்த்தாலும் நிறைந்த மாதிரியே தெரியும். நீங்கள் கேட்ட இரைச்சல் அந்த நிரப்பல்தான்.

எது கெட்டது என்று பார்க்கிற வழி இது. டேங்க் நிரம்பியதும் ஆங்கிள் காக்கை மூடுங்கள். உள்சுவரில் பென்சிலால் தண்ணீர் மட்டத்தைக் குறியுங்கள். யாரும் ஃப்ளஷ் பண்ணக் கூடாது. அரை மணி கழித்து மட்டம் கோட்டிலேயே நின்றால் ஃப்ளாப்பர் நல்லா இருக்கு, தம்பி சொன்னபடி பால் வால்வைப் பாருங்கள். கோட்டுக்குக் கீழே, ஓவர்ஃப்ளோ வாய்க்கும் கீழே இறங்கியிருந்தால் அடிமூடிதான். சந்தேகம் இருந்தால் சொட்டு நீலம் கொஞ்சம் டேங்கில் விடுங்கள், பீங்கானில் நீலம் இறங்கும்.

தொண்டி வாத்தியார்

எங்கள் பிரச்சினையும் இதுதான். பிளாஸ்டிக் தொட்டி, பக்கவாட்டில் பிடி. ஒரு தடவை அழுத்தினால் கொஞ்சம் தண்ணீர் வந்து நின்றுவிடுகிறது. மூன்று நாலு தடவை அடித்தால்தான் முழுசாகப் போகிறது. ஃப்ளாப்பர் மாற்றச் சொன்னேன், கடைக்காரர் இந்த மாடலில் அப்படி ஒன்றே இல்லை என்கிறார்.

கீழக்கரை காக்கா

வாத்தியார் ஐயா, கடைக்காரர் சொன்னது நிஜம். உங்களுடையது சைபன் ரகம், ஒழுக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பிடி ஒரு தட்டைத் தூக்கும், தட்டின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று இருக்கும். அது கிழிந்தால் தூக்குகிற தண்ணீர் கிழிசல் வழியே திரும்ப இறங்கிவிடும், மேலே தாண்டாது, சைபன் பிடிக்காது. தாளை மட்டும் மாற்றினால் போதும். முன்னாடி யாராவது தண்ணீர் மிச்சம் பிடிக்க மிதவையை இறக்கி வைத்தார்களா என்றும் பாருங்கள். மட்டம் தாழ்ந்திருந்தாலும் இதே கோளாறுதான் வரும்.

பாம்பன் அக்கா

காக்கா, கோடு போட்டுப் பார்த்துவிட்டேன். அரை மணியில் 4 செ.மீ. இறக்கம். ஆக அடிமூடியேதான். அளவு டேப்பை உள்ளே விட்டு அளந்தேன், நீளம் 40 செ.மீ., அகலம் 15. அப்படியென்றால் ஒரு செ.மீ. இறங்கினால் 600 மில்லி. 4 செ.மீ. என்றால் 2.4 லிட்டர், மணிக்கு 4.8, ஒரு நாளைக்கு 115 லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாள் அளவு 55 லிட்டர் என்கிறார்கள். எங்கள் வீட்டில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு பேர் குடியிருக்கிற கணக்கு.

மூடியைக் கழற்றிக் கையில் எடுத்தேன். விரல் எல்லாம் கறுப்பு அப்பிக்கொண்டது. ஒரு பக்க விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டு விறைத்திருந்தது. அது உட்காரும் வட்டத்தில் விரலை ஓட்டினால் வெள்ளையாகச் சொரசொரப்பு.

கீழக்கரை காக்கா

கணக்கு சரி. நிஜத்தில் இன்னும் கொஞ்சம் கூடவே போயிருக்கும். காக் மூடியிருந்ததால் மட்டம் இறங்கி அழுத்தம் குறைந்தது. காக் திறந்திருக்கும்போது டேங்க் எப்போதும் நிறைந்தே இருப்பதால் ஒழுக்கு முழு வேகத்தில் போகும்.

மூடியை மட்டும் மாற்றிவிட்டு விட்டுவிடாதீங்க. அந்த வெள்ளை வட்டத்தில் வினிகர் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் போட்டு வைத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். கத்தியால் சுரண்டினால் கீறல் விழும், கீறல் வழியே மறுபடி ஒழுகும். சங்கிலியில் ஒரு வளையம் அளவுக்குத் தொய்வு வையுங்கள். இறுக்கினால் மூடி முழுசாக உட்காராது, ரொம்ப நீளமாக விட்டால் சங்கிலியே மூடிக்கு அடியில் சிக்கும்.

மண்டபம் முகாம்

விளிம்பு சுருண்டது என்று படித்ததும் கேட்கத் தோன்றியது. டேங்கில் வெள்ளை வில்லை போடுகிறீர்களா? நாங்கள் வாசனைக்கு என்று குளோரின் வில்லை போட்டுக்கொண்டிருந்தோம், எங்கள் மூடியும் அப்படித்தான் விறைத்துச் சுருண்டது. வில்லையை நிறுத்திய பிறகு அடுத்த மூடி நீடிக்கிறது.

இன்னொன்று, எங்களுக்கு ஒழுக்கு தெரிய வந்ததே செப்டிக் டேங்க் மூலம்தான். கடலோரத்தில் தோண்டினால் சீக்கிரம் நிலத்தடி நீர் வந்துவிடும், உறிஞ்சு குழி ஏற்கனவே பாதி நிறைந்த நிலையில்தான் இருக்கும். ஐப்பசி மழையில் குழி பொங்கி முற்றத்தில் நின்றது. லாரி வைத்து உறிஞ்சிய பிறகும் சில நாளில் பழையபடி நிறைந்தது. வீட்டில் ஆள் குறைவு, இவ்வளவு எங்கிருந்து வருகிறது என்று தேடியபோதுதான் ஃப்ளஷ் டேங்க் பிடிபட்டது.

பாம்பன் அக்கா

வில்லை போடுகிறோம். ஆனால் கீழ் பாத்ரூமிலும் அதே வில்லைதான், அங்கே மூடி நல்லாத்தான் இருக்கிறது.

கீழக்கரை காக்கா

வில்லைக் குளோரின் ரப்பரைக் கெடுக்கும், அதில் சந்தேகமில்லை. மாடி டாய்லெட்டை அதிகம் புழங்காமல் விட்டால் அதே தண்ணீர் நாள் முழுக்க ரப்பரிலேயே ஊறும், காட்டம் கூடும். கீழே அடிக்கடி ஃப்ளஷ் ஆவதால் தப்பியிருக்கலாம். இது என் ஊகம். வில்லையை இரண்டிலுமே நிறுத்துங்கள். ஒன்று மட்டும், வில்லை கிடந்த டேங்கில் அப்படியே வினிகரையோ ஆசிட்டையோ ஊற்ற வேண்டாம், விஷவாயு கிளம்பும். வில்லையை எடுத்துவிட்டு நாலைந்து தடவை ஃப்ளஷ் பண்ணிக் கழுவிய பிறகுதான் வினிகர்.

சாயல்குடி தம்பி

கோடு போட்டு நானும் பார்த்தேன் காக்கா. எங்களுடையது கோட்டிலேயே நிற்கிறது, அதனால் எனக்குப் பால் வால்வுதான். கம்பியை வளைத்தது தற்காலிகம் என்று இப்போ புரிகிறது, மறுபடி மட்டம் ஏறுகிறது, உள்ளே வாஷரை மாற்ற வேண்டும்.

ஒரு கேள்வி. ஃப்ளஷ் டேங்குக்கு மட்டும் தனி லைன் இழுத்து உப்பு போர் தண்ணீரையே விட்டால் என்ன? வாங்குகிற தண்ணீர் மிச்சமாகுமே.

மண்டபம் முகாம்

எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் அப்படித்தான் விட்டிருக்கிறார்கள். காசு மிச்சம்தான். பால் வால்வின் கம்பி, திருகு எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கிறது, மூடி உட்காரும் இடத்தில் உப்பு கட்டுகிறது என்று ஒருவர் புலம்புகிறார். இன்னொருவர் ஒன்றுமே ஆகவில்லை என்கிறார், அவர் வைத்திருப்பது சைபன் தொட்டியா என்று கேட்டுப் பார்க்கிறேன்.

பாம்பன் அக்கா

புது மூடி போட்டாச்சு. ஒரு மணி நேரம் காக்கை மூடி வைத்துப் பார்த்தேன், மட்டம் பென்சில் கோட்டிலேயே நிற்கிறது. இருந்தும் காலையில் மேல்தொட்டி ஒரு விரல் இறங்கியிருக்கிறது. இன்றைக்குக் கீழ் பாத்ரூம் டேங்கில் கோடு போடப் போகிறேன்.