காலியிடம் இல்லாத கம்பெனிக்கு மெயில்: 'சம்பளம் வேண்டாம்' என்று போடலாமா?

கடைசி வருஷம் மெக்கானிக்கல்: கோவை கணபதியில் மோனோபிளாக் பம்ப் செய்கிற ஒரு கம்பெனியில் ஜனவரியிலிருந்து இன்டர்ன்ஷிப் கேட்டு மெயில் போடப் போகிறேன். ஆள் வேண்டும் என்று அவர்கள் எங்கும் சொல்லவில்லை. 'சம்பளம் வேண்டாம்' என்று முதல் வரியிலேயே போட்டால்தான் படிப்பார்கள் என்கிறார் சீனியர். போடலாமாங்க?

லேத்துக்காரர்: அந்தச் சீனியரை ஒருநாள் பட்டறைக்குக் கூட்டி வாருங்கள், டீ என் செலவு. சம்பளம் இல்லையென்றால் எங்களுக்குச் செலவே இல்லை என்று யார் சொன்னது? பையன் உள்ளே வந்தால் சூப்பர்வைசர் தன் வேலையை விட்டுவிட்டு அவன் பின்னால் நிற்க வேண்டும். மெஷினில் கை பட்டால் பதில் சொல்வது நான். எத்தனை வாரம், எந்தப் பிரிவு, காலேஜ் அனுமதிக் கடிதம் இருக்கிறதா, இதுதான் முதல் வரியில் வேண்டும்.

நொய்யல்கரை: வந்துட்டாருங்க வாத்தியார். முதலாளி காசைத்தான் முதலில் பார்ப்பார். எங்கள் மச்சான் பையன் 'சம்பளம் வேண்டாம்' என்று போட்டான், திருப்பூரில் மறுநாளே கூப்பிட்டார்கள்.

லேத்துக்காரர்: அந்தப் பனியன் கம்பெனியில் உங்கள் மச்சானுக்கு மெர்ச்சண்டைசரைத் தெரியும் என்று போன மாதம் நீங்களே எழுதினீர்கள். அந்தப் பையன் மெயில் போடாமல் போய் நின்றிருந்தாலும் கூப்பிட்டிருப்பார்கள்.

நொய்யல்கரை: பழைய கணக்கை இங்கே இழுக்காதீங்க. சம்பளம் வேண்டாம்னு போட்டான், கிடைச்சது. அவ்வளவுதான்.

பெருந்துறை சிப்காட்: இரண்டு பேரும் சட்டம் தெரியாமல் பேசுகிறீர்கள். 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி ஸ்டைபண்ட் கொடுத்தே ஆக வேண்டும். 30 பேரோ அதற்கு மேலோ இருக்கிற கம்பெனி அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். தம்பி அந்தச் சட்டத்தைக் காட்டி உரிமையோடு கேட்கலாம்.

லேத்துக்காரர்: சட்டம் சரி, ஆள் தப்பு. அது ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்கிற அப்ரண்டிஸுக்கு. தம்பி டிகிரியே முடிக்கவில்லை, எட்டாவது செமஸ்டர் புராஜெக்டுக்கு இடம் கேட்கிறான். காலியிடமே இல்லாத இடத்தில் சட்டத்தைக் காட்டினால் வாட்ச்மேன் கூட உள்ளே விடமாட்டார்.

தம்பி, மெயில் இப்படி இருக்கட்டும்: "மோனோபிளாக் பம்ப் இம்பெல்லர்களில், டர்னிங் முடிந்த பிறகு புளோஹோல் தெரிந்து ரிஜெக்ட் ஆகிறவற்றை ஹீட் நம்பர், பவுண்டரி வாரியாகப் பிரித்துப் பதிவு செய்ய விரும்புகிறேன். ஜனவரி முதல் 12 வாரம், வாரம் மூன்று நாள். மெஷின் இயக்க மாட்டேன், ரிஜெக்ட் தொட்டியும் இன்ஸ்பெக்ஷன் டேபிளும் போதும். படங்களும் கணக்கும் வெளியே போகாது. காலேஜ் கடிதமும் காப்பீட்டு நகலும் இணைத்துள்ளேன்."

ஏன் புளோஹோல்? வார்ப்புக்குள் வாயு சிக்கி உண்டாகிற குழி அது, வார்ப்பாக வரும்போது பெரும்பாலும் வெளியே தெரியாது. தோலைச் சீவிய பிறகுதான் குழி தெரியும். அதற்குள் லேத் நேரம், டூல் தேய்மானம் எல்லாம் அந்த இம்பெல்லரில் போய்விட்டது. பவுண்டரிக்காரரிடம் சண்டை போட எங்களிடம் ஆதாரம் இருக்காது, ஏனென்றால் தொட்டியில் கிடப்பதை உட்கார்ந்து எழுத யாருக்கும் நேரமில்லை. அந்த வேலைக்குக் காலியிடம் என்று யாரும் விளம்பரம் போட மாட்டார்கள். ஆனால் எழுதித் தருகிறவன் வந்தால் வேண்டாம் என்று சொல்லவும் மாட்டோம்.

ஈரோட்டு அம்மிணி: முதல் மெயிலிலேயே 'உங்கள் பொருள் ரிஜெக்ட் ஆகிறது' என்றால் கோபம் வராதாங்க? நான் மாணவியாக இருந்தபோது அப்படி எழுதி, பதிலே வரவில்லை.

லேத்துக்காரர்: எங்கே அனுப்பினீர்கள்? `info@` முகவரிக்கா? அதில் கொட்டேஷன் கேட்டு வருகிற மெயில்தான் குவியும், அதைப் பார்ப்பது சேல்ஸில் இருக்கிறவர். ரிசப்ஷனுக்கு போன் போட்டு குவாலிட்டி பார்க்கிறவர் மெயில் ஐடியைக் கேட்கணும். `resume_final_new2.pdf` என்று இணைப்பு வந்தால் நான் திறப்பதில்லை, பெயரும் பிரிவும் இருக்கட்டும்.

ஈரோட்டு அம்மிணி: நான் கேட்டது கோபம் வருமா என்று. பைல் பெயரை யார் கேட்டது?

பெருந்துறை சிப்காட்: நீங்கள் திறக்காவிட்டால் அது உங்கள் திமிர். எங்கள் எச்ஆர் எல்லாவற்றையும் திறப்பார்.

லேத்துக்காரர்: திறப்பார், படிப்பாரா?

நொய்யல்கரை: இவ்வளவு நீளமாக எழுதினால் யாருமே படிக்க மாட்டார்கள். 'சம்பளம் வேண்டாம்', இரண்டே வார்த்தை, முடிந்தது.

கடைசி வருஷம் மெக்கானிக்கல்: அண்ணா, பஸ் செலவுக்காவது ஏதாவது கேட்கலாமா? அன்னூரிலிருந்து வரணும்.

லேத்துக்காரர்: மெயிலில் காசைப் பற்றி எதுவும் எழுதாதே. வேண்டும் என்றும் வேண்டாம், வேண்டாம் என்றும் வேண்டாம். அவர் கூப்பிட்டு உட்கார வைத்த பிறகு பஸ் செலவைக் கேள். ஒரு வாரம் பதில் இல்லையென்றால் ஒரு போன், அதோடு விடு.

நொய்யல்கரை: பார்த்தீங்களா, இவரும் சம்பளம் கேட்காதே என்றுதான் சொல்கிறார். நான் முதலிலிருந்தே அதைத்தான் சொன்னேன்.

லேத்துக்காரர்: ஏனுங்க, நான் எழுதியதை முழுசாகப் படித்தீர்களா இல்லையா?

நொய்யல்கரை: படிச்சேன். நீளம்.