இந்தோனேசிய மொழியிலிருந்து நேரடியாகத் தமிழ்: சரிபார்ப்பது எப்படி?

மன்னார்குடி பக்கம் எங்கள் உழவர் குழுவுக்கு 'ஜாஜார் லெகோவோ' நடவு பற்றிய 12 பக்க இந்தோனேசியக் கையேடு கிடைத்தது. இரண்டு வரிசை நட்டு ஓர் இடைவெளி விடும் முறை. சம்பா நடவுக்கு முன், இன்னும் மூன்று வாரத்தில், தமிழில் வேண்டும். இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரும் இங்கே கிடைக்கவில்லை.

முதலில் செயலியில் ஆங்கிலமாக்கி, அதைத் தமிழாக்கினேன். 'ஹெக்டேருக்கு 5 கிலோ விளைச்சல்' என்று வந்தது. மூலத்தில் 5.000. அவர்கள் ஆயிரத்துக்குப் புள்ளி வைப்பார்கள், தசமத்துக்குக் காற்புள்ளி; 12,5 செ.மீ. என்றால் பன்னிரண்டரை. சரி, எண்களைக் கையால் திருத்திவிட்டேன்.

சொற்களில்தான் மாட்டிக்கொண்டேன். நம்மைப் போலவே அவர்களுக்கும் நெற்பயிருக்கு பாடி, நெல்லுக்கு கபாஹ், அரிசிக்கு பெராஸ், சோற்றுக்கு நாசி என்று தனித்தனிச் சொல் உண்டு. ஆங்கிலம் எல்லாவற்றையும் 'ரைஸ்' ஆக்கிவிட, நெல் எடை அரிசி எடையாக வந்துவிட்டது. தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்கிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் 'ரைஸ்' என்றே இருந்ததால் பிழை தெரியவே இல்லை. 'காமி' (நாங்கள்), 'கீத்தா' (நாம்) வேறுபாடும் இப்படித்தான் தொலைந்தது.

அப்புறம் 40 சொற்களுக்கு இந்தோனேசிய அகராதி பார்த்துப் பட்டியல் போட்டு, அந்த வரிகளை மட்டும் மாற்றினேன். மீதி வாக்கியங்களை நம்ப முடியவில்லை. மலேசியாவில், இந்தோனேசிய மொழிக்கு மிக நெருக்கமான மலாய் நன்கு தெரிந்த உறவினர் ஒருவர் படித்துப் பார்க்கிறேன் என்கிறார். விவசாயச் சொல் அவருக்குப் பழக்கமில்லை.

மலாய் தெரிந்தவர் வரிவரியாகத் தமிழில் சொல்ல, நான் என் பிரதியோடு ஒப்பிட்டால் போதுமா, இல்லை இந்தோனேசியர் ஒருவரிடமும் காட்டியே ஆகவேண்டுமா?