சிவப்பு மாத்திரை: மீந்த மருந்தை வீட்டில் என்ன செய்கிறீர்கள்?

கெடிலக்கரை

நடந்து ஐந்து மாதம் ஆகிறது. இன்னமும் பாப்பா சிவப்பாக எதையாவது வாயில் வைத்தால் என் கை தானாக நீண்டுவிடுகிறது. எழுதிவிட்டாலாவது மனம் ஆறுமா என்று பார்க்கிறேன்.

இரண்டாவது பிரசவத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைதான். இங்கே பலர் வீட்டிலும் இருக்கும். எனக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. குமட்டல், மலச்சிக்கல். நர்ஸ் அக்கா கேட்கும்போதெல்லாம் "சாப்பிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு, பாதி அட்டைகளை அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பால் பவுடர் டின்னில் போட்டு வைத்தேன்.

அன்று சின்னவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். பெரியவள் வந்து எதிரே நின்று நாக்கை நீட்டிக் காட்டினாள். நாக்கு, உதடு, முன்பல் எல்லாம் செக்கச்செவேல் என்று இருந்தன. குங்குமத்தைத் தின்றுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். கையை விரித்தாள். சாயம் கரைந்து வெளுத்துப்போன ஒரு மாத்திரை உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. "அம்மா, மிட்டாய்" என்றாள்.

பத்து மாத்திரை அட்டை. மூன்று மீதி. கையில் ஒன்று, கட்டிலுக்கடியில் ஒன்று. அப்படியானால் வயிற்றுக்குள் ஐந்து. ஆனால் அந்த அட்டையிலிருந்து நான் முன்பே எடுத்து விழுங்கியது எத்தனை? அவசரப் பிரிவில் டாக்டர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் என்னால் சொல்ல முடியவில்லை.

போகும் வழியில் ஆட்டோவிலேயே இரண்டு முறை வாந்தி எடுத்தாள். மாலைக்குள் தெளிந்துவிட்டாள். வார்டில் ஓடி விளையாடினாள். "வாந்தியோடு எல்லாம் வந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம்" என்றார் என் மாமியார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்று நானே கேட்டேன். டாக்டர் விடவில்லை, மறுநாள் வரை வைத்திருந்தார். இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால் அந்தக் கையெழுத்தை நான் போட்டிருந்தால்?

மீதி அட்டைகள் இன்னும் பரண்மேல் இருக்கின்றன. குப்பையில் போடவும் பயமாக இருக்கிறது. நீங்களெல்லாம் என்ன செய்கிறீர்கள்?

வில்லியனூர் அப்பா

சகோதரி, குழந்தை பிழைத்தாளே, அதுவே போதும். எங்கள் வீட்டில் பையன் என் அம்மாவின் தைலத்தைக் குடித்துவிட்டான். உடனே உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தேன். சரியாகிவிட்டது. எல்லாரும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை காத்திருக்காதீர்கள்.

மீந்த மருந்துக்கு எங்கள் வழக்கம் எளிது. போகி அன்று பழைய பாய், முறத்தோடு சேர்த்துக் கொளுத்திவிடுவோம். வருடத்துக்கு ஒரு முறை வீடே சுத்தமாகிவிடும். தேதி முடிந்ததா என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கவும் வேண்டாம். அதுவரை சமையலறையில் மேல்தட்டில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். உயரம் ஒன்றே போதும். மருந்துக்கெல்லாம் பூட்டுப் போட்டால், நள்ளிரவில் காய்ச்சல் வரும்போது சாவியைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டும்.

பழைய கம்பவுண்டர்

மஞ்சக்குப்பத்தில் முப்பது வருடம் மருந்து எடுத்துக் கொடுத்தவன் நான். தம்பி சொன்னதில் இரண்டை மறுக்காமல் இருக்க முடியவில்லை.

உப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். சின்ன உடம்பில் அவ்வளவு உப்பு ஏறினால் அதுவே உயிருக்கு ஆபத்து. தைலத்தில் கற்பூரமும் எண்ணெயும் இருக்கும். வாந்தி எடுக்க வைத்தால் அது மூச்சுக்குழலுக்குள் போய் நுரையீரலைக் கெடுக்கும். உங்கள் பையனுக்கு ஒன்றும் ஆகாதது அதிர்ஷ்டம். அதை வழிமுறை ஆக்காதீர்கள். பாலும் வேண்டாம், விரலை விட்டுக் குடைவதும் வேண்டாம். வாயில் இருப்பதைத் துடைத்து எடுத்துவிட்டு, அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். 108 வர நேரமானால் ஆட்டோ. போகும்போதே தில்லி எய்ம்ஸின் நச்சுத் தகவல் மையத்துக்கு 1800 116 117 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

கெடிலக்கரை மகளே, அந்த டாக்டர் ஏன் விடவில்லை என்று சொல்கிறேன். கர்ப்பிணிகளுக்குத் தரும் அந்த மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. குழந்தையின் எடை எவ்வளவு? 11 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மாத்திரை என்றால் 300 மில்லிகிராம், கிலோவுக்கு ஏறக்குறைய 27. கிலோவுக்கு 20-ஐத் தாண்டினாலே மருத்துவர்கள் வீட்டில் வைத்துப் பார்க்கச் சொல்வதில்லை. 60-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. இந்த எடைக்கு அது பதினொரு மாத்திரை, ஓர் அட்டையும் மேலே ஒரு மாத்திரையும். எத்தனை என்று உங்களுக்குத் தெரியாததால் அவர் அதிகபட்சத்தைத்தான் கணக்கில் எடுத்திருப்பார். அதுதான் முறை.

இரும்பின் குணம் வேறு. முதல் ஆறு மணி நேரத்தில் வாந்தி, பேதி, சில சமயம் ரத்தமும் வரும். பிறகு குழந்தை தெளிந்து விளையாடும். அந்தத் தெளிவில்தான் பலர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். உள்ளே போன இரும்பு அதிகமாக இருந்தால், அந்த நேரத்தில் அது ரத்தத்தில் ஏறிக் கல்லீரலைத் தாக்கிக்கொண்டிருக்கும். மறுநாள் குழந்தை துவண்டு விழும். வேறு பல விஷங்களுக்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் கரிப்பொடி இரும்பைப் பிடிக்காது. எக்ஸ்ரேயில் மாத்திரை சில சமயம் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். தெரியவில்லை என்பதால் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

போகி நெருப்புக்கும் வருகிறேன். இரும்பு எரிந்து போகாது, அட்டையின் அலுமினியமும் போகாது. பாதி வெந்த மாத்திரை சாம்பலில் கிடக்கும். மறுநாள் பொங்கலன்று அந்தச் சாம்பலில் விளையாடப் போவது யார்?

வில்லியனூர் அப்பா

ஐயா, உப்புத் தண்ணீரைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். என் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் உயரம் போதாது என்று நீங்களும் சொல்லவில்லையே?

லாஸ்பேட்டை பாட்டி

நான் சொல்கிறேன் தம்பி, போதாது. என் சுருக்குப்பை எந்த உயரத்தில் இருந்தது? என் இடுப்பில்.

மகள் வீட்டுக்கு இரண்டு நாள் போயிருந்தேன். மதியம் தூங்கும்போது பையை அவிழ்த்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். சர்க்கரை மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து ஒரு சின்ன டப்பாவில் போட்டு வைப்பது என் பழக்கம். சாயங்காலம் எண்ணிப் பார்த்தேன், ஒன்று குறைந்தது. ஒன்றே ஒன்று. மூன்று வயதுப் பேரன் நன்றாக விளையாடிக்கொண்டிருந்தான். எங்கேயாவது உருண்டு போயிருக்கும் என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

இரவு இரண்டு மணிக்கு மேல் அவன் தலையைத் தொட்டேன். தலையணை நனைந்திருந்தது. மின்விசிறி ஓடுகிறது, மார்கழிக் குளிர், குழந்தைக்கு வியர்வை. எழுப்பினேன், கண் மேலே சொருகியது. ஆஸ்பத்திரியில் விரல் நுனியில் குத்திப் பார்த்தவுடனேயே குளுக்கோஸ் ஏற்றினார்கள். சர்க்கரை மறுபடி மறுபடி இறங்கியதால் ஒரு நாளுக்கு மேல் வைத்திருந்தார்கள். என் சர்க்கரை மாத்திரை கிளிமிபிரைடு. அது ஒன்றே போதுமாம். குழந்தை பல மணி நேரம் நன்றாக இருந்து பிறகும் விழுமாம்.

நான் சாயங்காலமே சொல்லியிருக்க வேண்டும். மகள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது. இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே பையைக் கொடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்கிறேன். மாத்திரையை அட்டையை விட்டுப் பிரிப்பதில்லை.

முத்தியால்பேட்டை

பெரியவர்களே, ஒரு சந்தேகம். பொடியில் தண்ணீர் கலந்து கொடுக்கும் ஆன்டிபயாடிக் சிரப் பாதி மீந்து பிரிட்ஜ் கதவில் இருக்கிறது. மேலே போட்டிருக்கும் காலாவதி தேதிக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அடுத்த காய்ச்சலுக்குக் கொடுக்கலாமா? நல்ல விலை கொடுத்து வாங்கியது.

பழைய கம்பவுண்டர்

கொடுக்காதீர்கள் அம்மா. அந்தத் தேதி கலக்காத பொடிக்கு. தண்ணீர் கலந்த பிறகு பெரும்பாலானவை ஒரு வாரம்தான், சில இரண்டு வாரம். லேபிளில் சின்ன எழுத்தில் இருக்கும். கலக்கும் அன்றே பாட்டிலில் பேனாவால் தேதியைக் குறித்துவிடுங்கள். பிரிட்ஜ் கதவு குழந்தை எளிதாகத் திறக்கும் இடம். பூட்டுள்ள சின்னப் பெட்டியில் போட்டு உள்தட்டில் வையுங்கள்.

தேவனாம்பட்டினம்

சேமிப்பதைப் பேசி முடித்துவிட்டீர்கள். அந்த அம்மா கேட்டது எப்படி ஒழிப்பது என்று. எங்கள் தெருவில் எல்லாரும் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றுகிறார்கள். எங்கள் மண் கடல் மணல். கழிவுத் தொட்டியிலிருந்து அடிபம்பு பத்தடியில் இருக்கிறது. நாலு வீட்டு ஆன்டிபயாடிக்கும் அதே நீரில்தானே இறங்குகிறது? அரசே கழிப்பறையில் போடச் சொன்னது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். கம்பவுண்டர் ஐயா, உண்மையா?

பழைய கம்பவுண்டர்

பாதி உண்மை. மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-இல் சொன்னது மார்பின், பென்டனில் என்ற கடும் வலிக்கான மருந்துகள் உட்பட ஒரு சில மருந்துகளுக்கு மட்டும். வீட்டில் ஒரு நாள் கிடந்தாலும் உயிரை வாங்கக்கூடியவை அவை. இரும்பு, சர்க்கரை மாத்திரை, ஆன்டிபயாடிக் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றைத் தண்ணீரில் விடாதீர்கள்.

நான் செய்வதைச் சொல்கிறேன். மாத்திரைகளை அட்டையிலிருந்து எடுத்து மூடியுள்ள ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவில் போடுவேன். நசுக்க மாட்டேன், தூள் பறக்கும். வடிகட்டிய தேயிலைச் சக்கையை ஈரத்தோடு போட்டுக் குலுக்குவேன். சிரப்பையும் அதிலேயே ஊற்றுவேன். நாய்க்கும் குழந்தைக்கும் தின்னத் தோன்றாத கூழாகிவிடும். மூடியைச் சுற்றி டேப். இதைக் குப்பை வண்டி வரும் காலையில்தான் செய்வேன், முந்தின இரவு அல்ல. இன்சுலின் ஊசி இருந்தால் இதில் சேர்க்க வேண்டாம், அதற்குக் கெட்டியான தனிப் பாட்டில்.

திடக்கழிவு விதியின்படி காலாவதியான மருந்தை மற்ற குப்பையோடு சேர்க்காமல் தனியாகத்தான் கொடுக்க வேண்டும். வண்டியில் தனிப் பெட்டி இருக்கிறதா என்பது ஊருக்கு ஊர் வேறு.

தேவனாம்பட்டினம்

எங்கள் வண்டியில் இல்லை ஐயா. தேயிலைச் சக்கையோடு கொடுத்தாலும் கடைசியில் குப்பைமேட்டுக்குத்தானே போகிறது? அங்கே பொறுக்குகிறவர்களின் பிள்ளைகளும் பிள்ளைகள்தானே? மருந்துக்கடையில் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொன்னேன், மறுத்துவிட்டார்கள். உங்கள் வழி நம் வீட்டுக் குழந்தையைக் காப்பாற்றுகிறது. அதற்குமேல் எனக்கு மனம் ஒப்பவில்லை.

கெடிலக்கரை

அவளுக்குச் சரியாக 11 கிலோதான் ஐயா. படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நேற்றுக் காலை பரணிலிருந்து டின்னை இறக்கினேன். குலுங்கிய சத்தத்துக்கே அவள் ஓடிவந்தாள். கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். எண்பத்தாறு. தேயிலைச் சக்கையில் சிவப்புச் சாயம் இறங்கி டப்பா முழுக்கக் கறுத்துப்போனது. வண்டிக்கார அக்காவின் கையில் கொடுத்து, உள்ளே மருந்து இருக்கிறது, திறக்காதீர்கள் என்று சொன்னேன். அவர் அதை மற்ற குப்பையோடு போடவில்லை. ஓட்டுநரின் இருக்கைக்குக் கீழே, தன் சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

சாப்பாட்டுப் பையைத் தள்ளி வைக்கச் சொல்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. நாளைக்கு வரும்போது சொல்ல வேண்டும்.