கேள்வியையும் கற்றல் விளைவையும் சேர்த்துக் காட்டும் அட்டவணைக்கு என்ன பெயர்?

அறிவியல் ஆசிரியை, ஏழாம் வகுப்பு

வணக்கம். வினாத்தாளின் ஒவ்வொரு கேள்வியும் எந்தக் கற்றல் விளைவைச் சோதிக்கிறது என்று காட்டும் அட்டவணையை ஆங்கிலத்தில் ‘அலைன்மென்ட் டேபிள்’ என்கிறார்கள். சக ஆசிரியர்களுக்கு இதைத் தமிழில் விளக்கி எழுதுகிறேன். ‘சீரமைவு அட்டவணை’ என்று போட்டால் சரியாக இருக்குமா?

கணினித் தமிழாக்கம் செய்பவர்

மென்பொருளில் இடது, வலது, நடு என்று எழுத்துகளை ஒதுக்குவதற்குச் ‘சீரமை’ என்றே போடுகிறோம். அட்டவணைக் கட்டத்துக்குள்ளும் அதே சொல்தான். தயங்காமல் போடுங்கள்.

ஆசிரியை

நன்றி ஐயா. ஆனால் நான் கேட்டது கட்டத்துக்குள் எழுத்து நிற்கும் இடத்தைப் பற்றி அல்ல. அடர்த்திப் பாடத்துக்கு நான் வைத்த 20 மதிப்பெண் தேர்வையே காட்டுகிறேன்.

| கேள்வி | மதிப்பெண் | அடர்த்தியைக் கணக்கிடுதல் | கல்லின் பருமனை அளத்தல் | மிதக்குமா என முன்கூட்டிச் சொல்லுதல் |
|---|---|---|---|---|
| 1, 2 (வரையறை, அலகு) | 3 | – | – | – |
| 3 முதல் 6 (கணக்கு) | 12 | ✓ | – | – |
| 7 (அளவுசாடிப் படம்) | 2 | – | ✓ | – |
| 8 (பயன்கள் எழுதுக) | 3 | – | – | – |

கடைசி நிரல் முழுக்கக் காலி. மிதப்பதற்காக ஒரு வகுப்பு முழுவதும் வாளியும் மரக்கட்டையுமாகச் செலவிட்டேன். தேர்வில் அதைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. 1, 2, 8 மூன்றும் எந்த விளைவிலும் சேராமல் 6 மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டன. அட்டவணை போடும்வரை இது என் கண்ணில் படவே இல்லை.

பொறியியல் கல்லூரி விரிவுரையாளர்

இது நம் பழைய புளூபிரிண்ட்தானே, புதுச் சொல் எதற்கு? எங்கள் கல்லூரியில் தர மதிப்பீட்டுக்காக ஒவ்வொரு கேள்விக்கும் 3, 2, 1 என்று எண் போட்டுக் கொடுக்கிறோம். எல்லாக் கேள்வியும் எல்லா விளைவிலும் கொஞ்சம் சேரும் என்பதால் எந்தக் கட்டமும் காலியாக இருக்காது.

ஓய்வுபெற்ற வினாத்தாள் பயிற்றுநர்

தம்பி, பாதி சரி. இரண்டும் வினாத்தாளை எடை போடுகிற அட்டவணைதான். ஆனால் புளூபிரிண்ட் எந்தப் பாடத்துக்கு எத்தனை மதிப்பெண், எத்தனை குறுவினா, எத்தனை நெடுவினா என்று கேள்வி எழுதுமுன் பங்கு பிரிப்பது. இந்த ஆசிரியையின் தாள் அதில் பிழையில்லாமல் தேறியிருக்கும். இந்த அட்டவணையோ, எழுதி முடித்த கேள்வியை ஒவ்வொன்றாக எடுத்து, அதற்கு விடை தர மாணவர் உண்மையில் என்ன செய்கிறார் என்று கேட்பது. எல்லாக் கட்டத்திலும் குறி விழுந்தால் அந்த அட்டவணை எதையும் காட்டாது. ஒரு கேள்விக்கு முதன்மையான விளைவு ஒன்று போதும்.

அம்மா, ஏழாம் கேள்வியை எனக்கு அனுப்ப முடியுமா?

ஆசிரியை

படத்தில் கல் போடுமுன் நீர் 40 மி.லி., போட்டபின் 46 மி.லி. கல்லின் பருமன் என்ன?

பயிற்றுநர்

46-இலிருந்து 40-ஐக் கழிக்கத் தெரிந்த பிள்ளை 2 மதிப்பெண் வாங்கிவிடும். உங்கள் விளைவு ‘அளத்தல்’ என்கிறது, கேள்வி கழித்தலைக் கேட்கிறது. வினைச்சொல்லோடு வினைச்சொல்லை ஒப்பிட்டால் இது தெரியும். ‘நீரில் மிதக்கும் மெழுகுக் கட்டியின் பருமனை இதே சாடியில் எப்படி அளப்பாய்?’ என்று கேட்டுப் பாருங்கள். அதை நீருக்குள் முழுக்க அமுக்கிப் பிடிக்க வேண்டும் என்று யோசிப்பவருக்குத்தான் அந்த முறை புரிந்திருக்கிறது. காலியான நிரலுக்கு: ஒரு கட்டையின் அடர்த்தி 0.85, மண்ணெண்ணெய் 0.8, நீர் 1. எதில் மிதக்கும், எதில் மூழ்கும், ஏன்?

இன்னொன்று. அட்டவணையை நீங்களே நிரப்பாமல், கேள்வியையும் விளைவுகளையும் மட்டும் வேறோர் ஆசிரியரிடம் கொடுங்கள். அவர் குறி போட்ட இடம் உங்களுடையதோடு மாறுபட்டால், அந்தக் கேள்வியைத் திருத்த வேண்டியிருக்கும்.

சொல்லுக்கு வருகிறேன். ‘சீரமைவு’ என்றால் சாலை சீரமைப்புதான் நினைவுக்கு வரும். ‘பொருத்த அட்டவணை’ என்றால் ‘பொருத்துக’ வினாவோடு குழம்பும். ‘இசைவு அட்டவணை’ என்கிறேன்.

யாழ்ப்பாணத்து ஆசிரியர்

இசைவு என்றால் சம்மதம் என்றும் பொருள். மற்றது, நாங்கள் ‘கற்றற் பேறு’ என்றுதான் எழுதுவோம், ‘கற்றல் விளைவு’ இங்கே வழக்கில் இல்லை. நீங்கள் பருமன் என்று சொல்வதும் எங்களுக்குக் கனவளவு. ‘வினா–பேறு அட்டவணை’ என்றால் எனக்கு உடனே விளங்கும்.

ஆசிரியை

இங்கே எல்லா ஆசிரியர் கையிலும் இருக்கும் சொல் ‘கற்றல் விளைவு’ ஐயா, அதை மாற்றினால் குழம்பிவிடுவார்கள். நான் ‘வினா–விளைவு அட்டவணை’ என்று எழுதப் போகிறேன். நீங்கள் அங்கே ‘வினா–பேறு’ என்றே எழுதுங்கள், இரண்டையும் பார்ப்பவருக்கு ஒன்றுதான் என்று புரியும். அலைன்மென்ட் என்ற கருத்து பெயரில் விடுபட்டுப் போகிறது, தெரிகிறது. ஆனால் வினைச்சொல் எளிதாக அமைகிறது: ‘இந்தக் கேள்வியை எந்த விளைவோடு இணைத்தீர்கள்?’

பயிற்றுநர்

‘இணைத்தல்’ என்றால் நாம் ஒட்டவைப்பதுபோல் ஆகிவிடுமே. உங்கள் ஏழாம் கேள்வியை நீங்கள் இணைத்துத்தான் இருந்தீர்கள், ஆனால் அது அங்கே சேரவில்லை. சேர்கிறதா இல்லையா என்பதைச் சொல்கிற சொல்தான் எனக்கு வேண்டும்.

ஆசிரியை

அதற்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. இப்போதைக்கு ஏழாம் கேள்வியின் கட்டத்தில் ✓ இருந்த இடத்தில் ‘அரை’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.