பிப்ரவரியில வந்த நோட்டீஸ், ஜூலையில வந்த கேஸ்: டைரக்டர் பாலிசி பத்தி உங்க அனுபவம் சொல்லுங்க

தோவாளைப்பூ: நாகர்கோவில்ல இன்சூரன்ஸ் புரோக்கர் வேலை பாக்கேன். போன வாரம் குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் கம்பெனியில நாலு டைரக்டர்ஸ் முன்னால உக்காந்து டி அண்ட் ஓ பாலிசிய, அதாவது கம்பெனி முடிவுகளுக்காக டைரக்டர்ஸ் மேல கேஸ் வந்தா செலவப் பாத்துக்கிடுற இன்சூரன்ஸ, விளக்கிட்டு இருந்தேன், அதுல மூத்தவரு, "மோளே, பிரீமியம் கட்டியாச்சு, இனி எவன் கேஸ் போட்டாலும் அவங்க பாத்துக்கிடுவாங்கல்லா"ன்னு கேட்டாரு. அதுக்கு நான் பதிலா சொன்னது மூணு வருஷத்துக்கு முன்னால எனக்குத் தெரிஞ்ச ஒரு முந்திரி கம்பெனியில நடந்தது.

அங்க டைரக்டர்ஸ் கம்பெனி நிலத்துல ஒரு துண்ட ஒருத்தரோட மச்சானுக்கு வித்தாங்க. ரேட்டு ரொம்பக் குறைவுன்னு ஒரு பங்குதாரர் பிப்ரவரியில வக்கீல் நோட்டீஸ் அனுப்புனாரு, நஷ்டத்த டைரக்டர்ஸே கட்டணும்னு. இவங்க "குடும்பச் சண்டைதானே"ன்னு மேசை டிராயர்ல போட்டுட்டாங்க. மார்ச் 31 பாலிசி முடிஞ்சுது, பிரீமியம் குறைவுன்னு ஏப்ரல்ல வேற கம்பெனிக்கு மாத்துனாங்க. ஜூலையில கம்பெனி வழக்கெல்லாம் விசாரிக்கிற சென்னை என்சிஎல்டி தீர்ப்பாயத்துல கேஸ் வந்து விழுந்தது.

பழைய கம்பெனி என்ன சொன்னாங்கன்னா, நோட்டீஸ் எங்க பாலிசி காலத்துல வந்ததுதான், ஆனா அப்ப நீங்க எங்ககிட்ட சொல்லல. புது கம்பெனி, இது எங்க பாலிசிக்கு முன்னாடியே ஆரம்பிச்ச விஷயம், புரபோசல் ஃபார்ம்ல "எந்த டிமாண்டும் வரல"ன்னு வேற எழுதிக் கொடுத்திருக்கீங்கன்னாங்க. ரெண்டு பாலிசிக்கும் காசு கட்டியும் வக்கீல் ஃபீஸ் மொத்தமும் டைரக்டர்ஸ் கையில இருந்துதான் போச்சு.

வண்டி பாலிசின்னா ஆக்சிடென்ட் ஆன தேதிதான் கணக்கு. இதுல தப்பு நடந்த தேதிய விட, அத உங்க மேல சுமத்துற எழுத்து உங்க கைக்கு வந்த தேதிதான் முக்கியம், அதயும் பெரும்பாலும் அந்த பாலிசி ஓடிட்டு இருக்கும்போதே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருக்கணும். பல பாலிசியில வக்கீல் நோட்டீஸ் கூட கிளெய்ம்தான், கோர்ட்டு சம்மன் வர வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

பார்வதிபுரம்காரன்: அக்கா, நிலத்த மச்சானுக்குக் குறைச்சு வித்தா அது மோசடிதானே, மோசடின்னு எழுதி இருந்தாலே பாலிசி ஒரு பைசா தராதுல்ல? அப்ப சொல்லி இருந்தாலும் கிடைச்சிருக்காது.

குளச்சல் சிஎஸ்: தம்பி, பாதி சரி. மோசடி விலக்கு இருக்கு, ஆனா பெரும்பாலான பாலிசியில கோர்ட்டு இறுதியா தீர்ப்பு சொன்ன பிறகுதான் அது அமலாகும், எதிராளி நோட்டீஸ்ல "மோசடி"ன்னு எழுதுனா மட்டும் போதாது. அதுவரைக்கும் வக்கீல் செலவ முன்கூட்டியே தருவாங்க, கடைசியில மோசடின்னு நிரூபணமானா திருப்பிக் கேப்பாங்க. சின்ன கம்பெனிக்கு இந்த வக்கீல் செலவுதான் பாலிசியோட முக்கியப் பலனே. ஒண்ணு மறந்துடாதீங்க, 5 கோடி லிமிட்னா வக்கீல் ஃபீஸும் பெரும்பாலும் அந்த 5 கோடிக்குள்ளதான் கழியும், அது எல்லா டைரக்டர்ஸுக்கும் சேத்து ஒரே பாத்திரம், ஒருத்தரு பெரிய வக்கீல வச்சா மத்தவங்களுக்கு மிச்சம் குறையும்.

மார்த்தாண்டம் தேன்: நானும் ஒரு சின்ன பிரைவேட் லிமிடெட்ல டைரக்டர்தான். கம்பெனி லோனுக்கு நான் பெர்சனல் கியாரண்டி போட்டேன், இப்ப பேங்க்காரன் என் வீட்டு மேல கை வைக்கான். இந்த பாலிசி இப்ப எடுத்தா காப்பாத்துமா?

தோவாளைப்பூ: அண்ணே, மனசுக்கு கஷ்டமா இருக்கு, ஆனா இதுல வராது. கியாரண்டி நீங்க சொந்தமா பேங்க்குக்கு எழுதிக் கொடுத்த வாக்கு, டைரக்டரா எடுத்த முடிவுல வந்த தப்பு இல்ல. அதோட பேங்க் ஏற்கனவே கேட்டாச்சு, இனி எடுக்குற எந்த பாலிசியும் அதத் தொடாது. செட்டில்மென்ட் பேச ஒரு நல்ல வக்கீலப் பாருங்க, லேட் பண்ணாதீங்க.

பார்வதிபுரம்காரன்: கேஸ் போட்ட பங்குதாரரே பழைய டைரக்டரா இருந்தா?

குளச்சல் சிஎஸ்: அங்கதான் சிக்கல். டைரக்டர் டைரக்டர் மேல போடுற கேஸுக்கு தனி விலக்கு இருக்கும், நம்ம ஊரு குடும்பக் கம்பெனியில சண்டை எல்லாம் அப்படித்தானே வருது. சில பாலிசியில விலகி சில வருஷம் ஆனவருக்கு தளர்வு உண்டு, சிலதுல வக்கீல் செலவு மட்டும் தருவாங்க. வாசகத்தப் பாக்காம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

தோவாளைப்பூ: குலசேகரத்துல நான் இத சொல்லி முடிச்சதும் மூத்தவரு எந்திரிச்சுப் போயி பீரோவத் திறந்து ஒரு கவரு எடுத்துட்டு வந்தாரு, நவம்பர்ல வந்த வக்கீல் நோட்டீஸ். பாலிசி முடிய இன்னும் 19 நாள் இருந்துது. அன்னைக்கே ஸ்கேன் பண்ணி, என்ன விற்பனை, யாரு கேக்காங்க, எவ்வளவு கேக்காங்க, எப்ப கைக்கு வந்ததுன்னு எழுதி மெயில் போட்டாச்சு. மாசக்கணக்கா சும்மா வச்சிருந்ததுக்கு லேட்டுன்னு சொல்லுவாங்களா, இல்ல பாலிசி காலத்துக்குள்ள சொன்னது போதும்னு எடுத்துக்கிடுவாங்களான்னு தெரியல. பதில் வரல, வந்ததும் இங்கயே சொல்லுதேன்.