ln வந்த பிறகு C எங்கே போகிறது? விடைத்தாளில் கண்டதைப் பகிருங்கள்

விடைத்தாள்_வாத்தியார்
இன்டர்னல் தேர்வில் கொடுத்த கணக்கு இது: dy/dx = 2x(y − 3), y(0) = 1. மாறிகளைப் பிரிப்பதில் யாருக்கும் சிக்கல் இல்லை. ln|y − 3| = x² வரை எல்லோரும் வந்துவிடுகிறார்கள். அந்த வரியில் C போடாமல் கடைசியில் y = 3 + e^(x²) + C என்று ஒட்டவைத்த தாள்கள் நிறைய. x = 0 போட்டால் C = −3, விடை y = e^(x²). உங்கள் வகுப்பில் என்ன நடந்தது?

மெக்_செகண்ட்இயர்
சார், அதில் x = 0 போட்டால் 1 வருகிறதே? நிபந்தனை பொருந்தினால் விடை சரிதானே. கான்ஸ்டன்டை எந்த வரியில் போட்டால் என்ன?

விடைத்தாள்_வாத்தியார்
நிபந்தனை பொருந்துகிறது தம்பி, சமன்பாடு பொருந்தவில்லை. x = 1 போட்டுப் பாருங்கள். dy/dx = 2e, அதாவது சுமார் 5.4. வலப்பக்கமோ 2(e − 3), மைனஸில் போய்விடுகிறது. C-ஐ ln இருக்கும் வரியிலேயே போட்டால், ln-ஐ எடுக்கும்போது அது பெருக்கலாக மாறும்: y − 3 = A e^(x²). இப்போது A = −2, விடை y = 3 − 2e^(x²). x = 1-ல் இரண்டு பக்கமும் −4e.

சிவில்_கயல்
என் ரூம்மேட் C-ஐச் சரியான வரியில்தான் போட்டாள். மாடுலஸை விட்டதால் ln(−2) வந்தது, "தீர்வு இல்லை" என்று எழுதிவிட்டாள். பக்கத்து பெஞ்சில் மாடுலஸ் போட்டு C = ln 2 எடுத்து, 3 + 2e^(x²) என்று முடித்தார்கள். அது சமன்பாட்டுக்குப் பொருந்தும், ஆனால் x = 0-ல் 5 வரும். y மூன்றுக்குக் கீழே தொடங்குகிறது என்பதைப் பார்த்து, மாடுலஸை எடுக்கும்போதே 3 − y என்று எழுதியிருந்தால் போதும்.

அரியர்_க்ளியர்
காபி ஆறும் கணக்கில் எனக்கு C கிடைத்தும் விடை வரவில்லை. அறை 30°, காபி 90°, T = 30 + 60e^(−kt) என்று நின்றுவிட்டது. நிபந்தனையைத் தப்பாகப் போட்டேனா?

சிவில்_கயல்
இல்லை அண்ணா, அங்கே k-யும் தெரியாத எண். 10 நிமிடத்தில் 60° என்பதுபோல இன்னொரு தகவல் கேள்வியிலேயே இருக்கும். அதைப் போட்டால் e^(−10k) = 1/2.

மெக்_செகண்ட்இயர்
புரிகிறது. y(0) = 3 என்று கொடுத்தால்? ln 0 வருகிறதே.

விடைத்தாள்_வாத்தியார்
அப்போது y − 3 ஆல் வகுக்கவே கூடாது. y = 3 என்ற மாறாத கோடுதான் விடை. வகுக்கும் முன் அந்த ஒரு வரியை எழுதி வைப்பவர்கள் மிகக் குறைவு.

சிவில்_கயல்
±e^C-யைக் காட்டாமல் நேரே A போட்டால் மார்க் குறையுமா?

விடைத்தாள்_வாத்தியார்
நான் குறைப்பதில்லை. எங்கள் துறையிலேயே இன்னொருவர் அரை மார்க் எடுக்கிறார், இதில் எங்களுக்குள் ஒத்த கருத்து கிடையாது. இடம் இருந்தால் எழுதிவிடுங்கள்.